கம்பியும் பெஞ்சும் இரண்டு ஐஸ் துண்டும்

தீயில்லாமல், கரண்டில்லாமல், விரல்கூடப் படாமல், மார்கழியில் விறைத்துக் கிடந்த முப்பதடி இரும்புக் கம்பியை மரப்பெஞ்சின் சூட்டுக்கு ஏற்றியவன் நான். தோவாளையில் இதை நம்பாதவன் ஒருத்தன்தான்: குமாரதாஸ்.

குளக்கரை நடைபாதைக்கு நான் கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுத்தேன், அதில் என் பெயரையும் பொறித்து. மறுமாதமே எதிரில் அவன் பலாமரப் பெஞ்சு போட்டான். விடிந்தால் ஊரே அவன் பெஞ்சில். என் கம்பியில் ஒரு காக்கை உட்காராது. அந்தப் பெஞ்சில் நாய் படுத்தாலும் எனக்கு வயிறெரியும். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன். இந்த எரிச்சலை அளக்க மட்டும் ஒரு கருவி கிடைக்கவில்லை.

நடைச் சங்கச் செயலாளர் நாகம்மையிடம் அவன் ஓதியது ஒருநாள் என் காதில் விழுந்தது.

"கம்பி மட்டம் அக்கா. குளிர உள்ள பிடிச்சு வச்சிருக்கு. கழட்டிட்டு அங்கயும் ஒரு பெஞ்சு போடுதேன்."

நாகம்மை தொட்டுப் பார்த்துக் கையை உதறினாள். "ஆமா, கை விறைக்கு. நாளைக்கே கழட்டிருவோம்."

கழற்றப் போவது என் பெயரை அல்லவா!

மறுநாள் வெயில் வருமுன் தெர்மாமீட்டரோடு போய் நின்றேன். அதன் குமிழைக் கம்பியில் ஒட்டி, பஞ்சால் மூடி, சிவப்புக் கோடு அசையாமல் நிற்கும்வரை பொறுத்தேன். இருபத்திரண்டு டிகிரி. பெஞ்சிலும் அப்படியே. அதே இருபத்திரண்டு.

"கள்ளத் தெர்மாமீட்டர் வே," என்றான் குமாரதாஸ். "எனக்க கை பொய் சொல்லுமா?"

"தெர்மாமீட்டர் தனக்க சூட்டத்தான் சொல்லும் வே. ஒட்டிக் கெடந்து, கம்பியும் அதும் ஒரே சூடான பொறவு பாக்கணும். உம்ம கை சொல்லுதது வேற. கையிலேருந்து சூடு எவ்வளவு வேகமா போவுதுன்னு சொல்லுது. கம்பி வாங்குன சூட்ட உள்ள கடத்திக்கிட்டே இருக்கும். மரம் தொட்ட எடத்துலயே வச்சிக்கிடும்."

"கதை!"

பூச்சந்தையில் பிச்சிப்பூப் பெட்டிக்குள் வைக்கும் ஐஸில் ஒரே அளவாக இரண்டு துண்டு கொண்டுபோயிருந்தேன்.

"கம்பி குளிர்ப்பெட்டின்னுதான சொன்னீரு? ஒண்ணு அதுமேல, ஒண்ணு உம்ம பெஞ்சுமேல. எது முந்திக் கரையும்?"

"பெஞ்சுல உள்ளதுதான். கம்பியில முந்திக் கரைஞ்சா, கழட்டுன்னு வாயத் தொறக்க மாட்டேன்."

கம்பி தன் சூட்டை ஓயாமல் கடத்திக் கொடுக்க, அதன் தட்டையான தலையில் வைத்த துண்டு அழத் தொடங்கியது. ஒழுகிய தண்ணீரில் குளம் ஒரு முழம் உயர்ந்தது என்றால் மிகையில்லை. பெஞ்சில் இருந்ததோ கல்யாண மாப்பிள்ளைபோல் அசையாமல் வீற்றிருந்தது. கூட்டம் மொத்தமும் என் கம்பியைச் சுற்றி. ஆளுக்கு ஆள் தொட்டுப் பார்த்தார்கள். குமாரதாஸ் மட்டும் தனியாகப் பெஞ்சில், ஐஸுக்குக் காவல். அந்த முகத்தில் என் பழைய வயிற்றெரிச்சலைக் கண்டேன். ஆகா, என்ன சுகம்!

கம்பியில் கடைசிப் பொட்டும் வழிந்தது. பெஞ்சில் பாதிக்கு மேல் மிச்சம்.

"சொல்லும் சாரே," என்றாள் நாகம்மை குமாரதாஸிடம். "கரைஞ்சுதா, இல்லியா?"

அவன் குளத்தைப் பார்த்தான், ஐஸைப் பார்த்தான், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"கரைஞ்சுது. கம்பியிலதான் முந்தி. எனக்க ரெண்டு கண்ணாலயும் கண்டேன், போதுமா?"