மூன்று டிசைனும் நான் போட்டவை

வேலைக்கு மெயில் அனுப்புகிறவர்கள் தங்களைப் பற்றித்தான் இரண்டு வார்த்தை கூட்டி எழுதுவார்கள். மரியம்மாள் தன் முதலாளியைப் பற்றிக் கூட்டி எழுதினாள். வினை அங்கேதான் பிடித்தது.

அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. காஞ்சிபுரத்து வழக்கம் அப்படி. ஒரு பட்டுப்புடவையை நெய்தவர் பெயர் அந்தப் புடவையில் எங்கும் இருக்காது. அதற்கு டிசைன் போட்டவர் பெயரும் இருக்காது. விற்கிற கடையின் பெயர் மட்டும் அட்டைப்பெட்டி மேல் பொன்னெழுத்தில் மின்னும். பூவராகவன் பிள்ளையார்பாளையத்தில் டிசைன் சென்டர் வைத்திருந்தார். தறிக்காரர்கள் வந்து இப்படி ஒரு பார்டர், அப்படி ஒரு முந்தானை என்று சொல்வார்கள். மரியம்மாள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக அதை வரைந்து கொடுப்பாள். அதைப் பார்த்து ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துவார்கள். "எப்படிப் போட்டிருக்கேன் பாத்தியா?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது பூவராகவன். மவுஸைத் தொடச் சொன்னால் பல்லியைத் தொடச் சொன்னது போல் கையை இழுத்துக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. 2003-ல் ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பரில் விளம்பரம் வந்தது. அவள் வேலை செய்கிற அதே டிசைன் சாஃப்ட்வேரை விற்கும் இத்தாலிக் கம்பெனி, பெங்களூர் ஆபீசுக்கு ஆள் தேடியது. தென்னிந்தியாவில் அதை வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதலில் இத்தாலியில் பயிற்சி. பயோடேட்டாவும், செய்த வேலையின் மூன்று மாதிரியும், கூடவே தன்னைப் பற்றிச் சுருக்கமாக ஒரு மெயிலும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். படித்ததும் மரியம்மாளுக்கு இந்த வேலை தனக்கென்றே தைத்த சட்டை என்று தோன்றிவிட்டது.

செவிலிமேட்டு வீட்டில் அப்பா சின்னப்பையனிடம் சொன்னாள். அவர் கொத்தனார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்துச் செத்தவர். எந்த வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தில் எழுதாத பாடம்.

"பெரியவங்க பேரை முன்னாடி சொல்லிடும்மா. நம்ம பேரு பின்னாடி வந்தா போதும். அடக்கமா கேட்டாத்தான் எந்தக் கதவும் தொறக்கும்" என்றார்.

மகளும் அடக்கமாகவே எழுதினாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவள் இங்கிலீஷில் தட்டியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முப்பது வருட அனுபவம் கொண்ட எங்கள் முதலாளி திரு. பூவராகவன் அவர்களின் ஆசியாலும் வழிகாட்டுதலாலும் இந்த டிசைன்கள் உருவாயின. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் போட்ட பிச்சை. நான் அவரிடம் ஒரு சிறிய உதவியாளர் மட்டுமே. தயவுகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன்.' டிசைன் ஃபைல்கள் கடையின் சொத்து என்பதால் அவற்றைத் தொடவில்லை. நெய்து விற்றுப்போன மூன்று புடவைகளின் போட்டோவை மட்டும் இணைத்தாள். விசாரிப்பதற்கு ஒருவர் பெயர் கேட்டிருந்தார்கள். அதற்கும் பூவராகவன் பெயரையே போட்டு, கடையின் மெயில் முகவரியைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கடையின் மெயிலைத் திறந்தாள். அதைத் திறப்பதும், படிப்பதும், பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைப்பதும் அவள் வேலைதான். இத்தாலிக் கம்பெனியிலிருந்து ஜூலியா என்ற அம்மாள் எழுதியிருந்தாள். கடிதம் பூவராகவனுக்கு.

'உங்கள் உதவியாளரின் மெயிலிலிருந்து இந்த டிசைன்களைச் செய்தவர் நீங்கள் என்று புரிந்துகொண்டோம். நாங்கள் தேடுவது இந்த அனுபவத்தைத்தான். விருப்பமிருந்தால் தெரிவியுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பெங்களூரில் சந்திக்கலாம்.'

தன் சொந்த மெயிலையும் திறந்து பார்த்தாள். அங்கே இரண்டே வரி. விண்ணப்பத்துக்கு நன்றி, தற்போது இந்த வேலைக்கு அழைக்க இயலவில்லை.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அதைக் கண்ணால் பார்த்தாள். முதலில் அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. அந்த ஜூலியா மேல் இல்லை, தன் மேல். ஜூலியா என்ன செய்வாள் பாவம், எழுதியிருந்ததைப் படித்தாள், நம்பினாள்.

கடை மெயிலை அழித்துவிட்டால் பூவராகவனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரியப்போவதில்லை. விரல் அந்தப் பட்டன் வரை போயிற்று. ஆனால் அழித்து என்ன ஆகும்? அவர் வரவில்லை என்று கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும். அவள் சிறிய உதவியாளராகவே இருப்பாள். தானே எழுதிக் கெடுத்ததைத் தானே எழுதித்தான் நேராக்க வேண்டும். அதையும் ஒளிந்துகொண்டு செய்யக் கூடாது என்று முடிவு செய்தாள். பிரிண்ட் எடுத்து, அவர் வந்ததும் கையிலேயே கொடுத்து, அர்த்தமும் சொன்னாள்.

பூவராகவனுக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. அவள் எதற்கு விண்ணப்பித்தாள் என்று கூடக் கேட்கத் தோன்றவில்லை.

"இத்தாலிக்காரன் நம்பளக் கூப்புடுறானா! வரதராசா, பெருமாளே! ஒக்காரும்மா, ஒக்காந்து எழுது. வெள்ளிக்கிழம வந்துடறேன்னு எழுது. நம்ம அனுபவத்தப் பத்தி நல்லா நாலு வரி போடு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே."

"நான் எழுத மாட்டேண்ணா."

"ஏன், கரண்ட் இல்லையா?"

"கரண்ட் இருக்குது. அந்த டிசைன் மூணும் நீங்க போட்டதில்ல. நான் போட்டது. அடக்கமா எழுதறேன்னு தப்பா எழுதிட்டேன். இப்போ சரியா எழுதப் போறேன்."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் குரல் ஏறியது.

"பன்னெண்டாவது படிச்சிட்டு வந்து நின்னப்ப உன்னச் சேத்துக்கினது யாரு? கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டது யாரு? கோர்ஸுக்கு அனுப்பினது யாரு?"

"நீங்கதான். இல்லேன்னு சொல்லல. அதையும் எழுதறேன்."

"நான் இந்த சுவிட்ச அணைச்சா என்ன பண்ணுவ?"

"பஸ் ஸ்டாண்ட் சென்டர்ல போய் அனுப்புவேன். உங்க முன்னாடியே அனுப்பணும்னுதான் இங்க ஒக்காந்துக்கினு இருக்கேன். நீங்களும் எழுதுங்கண்ணா, நான் தடுக்கல. ஆனா நான் டைப் பண்ணித் தர மாட்டேன்."

பூவராகவனின் கை சுவிட்ச் பக்கம் போயிற்று. அணைக்கவில்லை. ஏன் அணைக்கவில்லை என்று அவருக்கே தெரியாது. ஆறு வருஷத்தில் இந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியாகவும் இருக்கலாம்.

மரியம்மாள் தன் சொந்த மெயிலிலிருந்து ஜூலியாவுக்குப் பதில் தட்டினாள். தட்டி முடித்ததும், அனுப்பும் முன், அவருக்குத் தமிழில் வாய்விட்டுச் சொன்னாள்.

'என் முதல் மெயிலில் ஒரு தவறு செய்துவிட்டேன். அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன். மூன்று டிசைனும் நான் போட்டவை. இரண்டாவது போட்டோவில் உள்ள முந்தானையில், பின்பக்கம் ஜரிகை நீளமாகத் தொங்கி வளையலில் மாட்டாமல் இருக்க, இடையிடையே முடிச்சுப் புள்ளி வைத்தேன். அதை எப்படிச் செய்தேன் என்று உங்கள் சாஃப்ட்வேரிலேயே செய்து காட்ட முடியும். ஆறு ஆண்டுகளாக அதில் வேலை செய்கிறேன். கடையில் முன்பு வேலை செய்த இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். திரு. பூவராகவன் எனக்கு வேலையும் பயிற்சியும் கொடுத்த முதலாளி. நான் சொல்வது உண்மையா என்று அவரிடமே கேளுங்கள். வெள்ளிக்கிழமை நான் பெங்களூர் வரத் தயார்.'

கடைசியில் கடையின் போன் நம்பர்.

"எங்கிட்டயே கேக்கச் சொல்றியா? நான் இல்லேன்னு சொல்லிட்டா?"

"சொல்லுங்க. வேற யாரைக் கேக்கச் சொல்றது? உங்களுக்குத்தானே தெரியும்."

அனுப்பிவிட்டாள். மோடம் விளக்கு மினுக்கி ஓய்ந்தது.

பூவராகவன் அன்று முழுக்க அவளிடம் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. வேலையைச் சொல்ல வேண்டுமென்றால் சுவரிடம் சொன்னார். மரியம்மாளும் சளைக்கவில்லை. நேரத்துக்கு வந்தாள், கொடுத்ததைச் செய்தாள், நேரத்துக்குப் போனாள். வீட்டில் அப்பா விஷயம் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இருக்கிற வேலையும் போச்சே என்று புலம்பினார். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "போனா போட்டும்பா. பொய்யா எழுதி ஏமாந்ததவிட மெய்யா எழுதி ஏமாறலாம்" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் போன் வந்த நேரம் கடையில் சிட்டிபாபு உட்கார்ந்திருந்தார். இருபது தறி வைத்திருப்பவர். பூவராகவன் கையால் போட்ட டிசைன் என்றால்தான் ராசி என்று நம்பி வருகிறவர். பூவராகவன் ரிசீவரை எடுத்தார். இங்கிலீஷில் ஒரு பெண் குரல். அவர் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தார்.

"எஸ் மேடம். பூவராகவன் ஸ்பீக்கிங்."

மரியம்மாள் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் கட்டங்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. அங்கே என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிட்டிபாபு டீயை உறிஞ்சிக்கொண்டு ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூவராகவன் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு போனை இறுக்கிப் பிடித்தார்.

"நோ மேடம். ஐ ஓனர். ஐ நாட் டிராயிங்." மூச்சு வாங்கினார். "ஷி. ஆல் த்ரீ, ஷி ஒன்லி. வெரி குட் கேர்ள் மேடம். ஹியர், ஸ்பீக்."

ரிசீவர் அவள் கைக்கு வந்தது. ஜூலியா சுருக்கமாகத்தான் பேசினாள். வெள்ளிக்கிழமை காலை, பெங்களூர் ஆபீஸ், சாஃப்ட்வேரில் செய்து காட்ட வேண்டும். வருகிறேன் என்றாள் மரியம்மாள்.

சிட்டிபாபு டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ இத்தினி நாளா..." என்று தொடங்கி, அதை முடிக்காமல், "அப்புறமா வரேன்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கடையில் இருவரும் மட்டும் இருந்தார்கள். பூவராகவன் மேஜையில் இருந்த நூல் மாதிரிகளை எடுத்தார், வைத்தார். பத்து வயது கூடிவிட்டவர் போல் இருந்தார். அவருக்கு அவள் கடன்பட்டுவிட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். பாவமாக இருந்தது அவளுக்கு. காலில் விழுந்துவிடலாமா என்று கூட இருந்தது.

"நல்லா பண்ணிட்டு வா" என்றார் தலையைத் தூக்காமல். கொஞ்சம் பொறுத்து, "அந்த மூணுல ரெட்டைத்தலைப் பட்சி பார்டர் இருக்குதே... அந்தப் பட்சிக்கு மூக்க வளைச்சு வைன்னு சொன்னது மட்டும் நாந்தானே?" என்று கேட்டார்.

ஆறு வருஷப் பழக்கத்தில் 'ஆமாண்ணா' என்ற சொல் தானாக வாய்க்கு வந்துவிட்டது. மரியம்மாள் அதை விழுங்கினாள்.

"இல்லண்ணா" என்றாள். "அதுவும் நாந்தான்."