ஏற்புரைக்கு இரண்டு நிமிடம்

விருதுக் கடிதத்தின் அடியில், ஏற்புரைக்கு இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. மார்க்கையன்கோட்டையில் பதினான்கு வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கும் உமாதேவிக்கு அதுதான் முதல் விருது. நன்றி சொல்ல வேண்டியவர்களை எழுதிப் பார்த்தாள். பத்தொன்பது பேர் வந்தார்கள்.

மேடையில் பேசிப் பழகிய சுகாதார ஆய்வாளர் ஈஸ்வரபாண்டி தாளைப் பார்த்துச் சிரித்தார். "ரேசன் கடை லிஸ்ட் மாதிரில்ல இருக்கு. ஒரு நாள் நடந்ததைச் சொல்லுங்க சிஸ்டர். ஆளுக அதுக்குள்ள தானா வந்துருவாக. கைதட்டுக்குப் பதினஞ்சு செகண்டு விட்டு வைங்க."

ஊரில் நிறைமாதமாக இருந்த முத்துலட்சுமிக்கு வலி கண்ட நாளை எடுத்துக்கொண்டாள். மழைவெள்ளத்தில் ஆம்புலன்ஸ் வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, வேலுச்சாமி டிராக்டரைக் கொண்டுவந்தார். நாற்று நட்ட பெண்கள் தார்ப்பாய் பிடித்தபடி கூடவே நடந்தார்கள். டாக்டரம்மா போனிலேயே பிரசவத்துக்கு வழி சொன்னார். பாதிப்பேர் இதற்குள் அடங்கிவிட்டார்கள்.

முடிவைச் சங்கிலியம்மாளுக்கு வைத்தாள். உமாதேவி வேலைக்கு வந்த புதிதில், ஊசி என்றாலே கதவைச் சாத்திய தெருவில், கைக்குழந்தை கயலை முதலில் நீட்டிய கூலிக்காரி அவள். பிறகுதான் மற்றக் கதவுகள் திறந்தன. கடைசியில் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்று உமாதேவி நினைத்தாள்.

வீட்டில் படித்துப் பார்த்தபோது ஒரு நிமிடம் நாற்பத்தைந்து நொடி ஆனது. மிச்சமிருந்த பதினைந்து நொடியைப் பார்த்ததும், பெயர் விட்டுப்போனவர்களை நினைத்துப் பயம் வந்தது. முன்வரிசையில் மேலதிகாரிகள் இருப்பார்களே. மூன்று பேரைப் பதவியோடு தொடக்கத்தில் சேர்த்துவிட்டாள்.

தேனி மண்டபத்தில், வேலுச்சாமி ஓட்டிய வேகத்துக்கு நடந்து வந்த பெண்கள் டிராக்டரை முந்திவிட்டார்கள் என்றபோது கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். குழந்தை பிறந்து அழுத சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டது என்றதும் கைதட்டல் நிற்கவே இல்லை. அது ஓய்ந்து அவள் வாயைத் திறக்கையில் மணி அடித்தது. தொகுப்பாளர் அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கினார். நன்றி என்று மட்டும் சொல்லி இறங்கினாள்.

ஐந்தாம் வரிசையில், அன்றைய கூலியை விட்டுவிட்டு மகள் கயலோடு வந்திருந்த சங்கிலியம்மாளும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் உமாதேவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கயல் முன்சீட்டில் போன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசுனீக நர்சம்மா," என்றாள் சங்கிலியம்மாள். "பெரிய ஆபீசர்களையும் மறக்காமச் சொன்னீக."

"கடைசில ஒங்களத்தான் வச்சிருந்தேன்க்கா."

தாளை எடுத்து, விட்டுப்போன நான்கு வரிகளை மெதுவாகப் படித்துக்காட்டினாள். சங்கிலியம்மாள் முந்தானையை விரலில் சுற்றியபடி முழுக்கக் கேட்டாள்.

"கயல் கேட்டிருப்பா, அங்கன சொல்லியிருந்தா," என்றாள்.

கயலைக் கூப்பிடவா என்று உமாதேவி கேட்டாள்.

"இங்கன வேணாம் நர்சம்மா."

அப்புறம் சங்கிலியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உமாதேவி தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.