எந்தப் பொங்கல்

எங்கள் ஊரில் ஒருவன் சும்மா பொங்கல் என்று சொன்னால் அது மாரியம்மனுக்குப் பங்குனியில் வைக்கிற பொங்கல்தான். தையில் வருவதற்குத் தைப்பொங்கல் என்று முழுப்பெயர் சொல்லவேண்டும். விருதுநகரில் பிறந்து முப்பது வருஷமாக மிளகாய் வத்தல் வியாபாரம் பார்க்கிற எனக்கு இதெல்லாம் யோசிக்கிற விஷயமா? ஆனால் மலேசியாவில், கிள்ளானில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கிற தங்கப்பாண்டியனுக்கு எப்படித் தெரியும்? தாத்தா காலத்திலேயே கப்பலேறிய குடும்பம் அவருடையது.

டிசம்பரில் அவர் ஒரு கண்டெய்னர் புது வத்தல் கேட்டார். பொங்கல் முடிந்ததும் ஏற்றிவிடுகிறேன் என்றேன். இத்தனை வருஷம் தூத்துக்குடி ஏஜென்ட் கையில் சரக்கைக் கொடுத்துவிட்டு வந்தவன், முதல் தடவையாக நானே நேராக அனுப்பப் போகிறேன். மண்டியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்திருந்தேன்.

எல்.சி. என்பது அவருடைய பேங்க் எனக்குத் தருகிற உறுதிக் கடிதம். அதில் எழுதியபடி சரக்கை ஏற்றி, எழுதியபடி பேப்பர்களைக் கொடுத்தால்தான் பணம் வரும். அதைப் போடுவதற்கு முன்னால் டிராஃப்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரிதானா பாருங்கள் என்று கேட்டிருந்தார். நாலு பக்கம் இங்கிலீஷ். கம்பெனியில் பேப்பர் வேலையெல்லாம் என் மகள் கீர்த்திகாதான் பார்க்கிறாள். சாயங்காலம் வந்து படிக்கிறேன், அதுவரை பதில் போடாதீர்கள் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வத்தல் வியாபாரத்தை இவளைக் கேட்டா செய்யவேண்டும்? கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். ஒரு வரி படிக்கவில்லை. படித்திருந்தாலும் பாதி புரிந்திருக்காது, அது வேறு கதை.

ஜனவரி முதல் வாரம் எல்.சி. வந்தது. கீர்த்திகா படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரக்கு ஏற்றக் கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று. சரக்கு இந்தப் பருவத்துப் புது வத்தலாக இருக்கவேண்டும். செடியில் காய் இன்னும் பச்சையாக நிற்கிறது. புது வத்தல் நிறைய வந்து விழ மாசிக் கடைசி ஆகும். குளிர்க்கிடங்கில் கிடக்கிற போன வருஷத்துச் சரக்கை அனுப்பினால் பேப்பரும் பொய், நானும் பொய்.

தேதியை மாற்றிக் கேளுங்கள், என்ன நடந்ததோ அப்படியே சொல்லுங்கள் என்றாள் மகள். சரி என்று சொல்லிவிட்டு, அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தங்கப்பாண்டியனிடம் தனியாகப் பேசினேன். மழை, பூவெல்லாம் கொட்டிவிட்டது, விளைச்சல் தள்ளிப்போகிறது என்று அளந்தேன். அவர் விவசாயிகளுக்காக உச்சுக்கொட்டினார். எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார். மழை மேல் பழியைப் போட்டுவிட்டு மூன்று மாதம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பதினைந்து நாள் என்று உளறினேன்.

மனுஷன் மறுநாளே பேங்குக்குப் போய்விட்டார். திருத்தம் வந்தது: பிப்ரவரி பதினைந்து. திருத்தக் கட்டணத்தையும் தானே ஏற்றுக்கொண்டிருந்தார்.

எங்கள் பேங்கில் அழகுமீனா மேடம் அதை எனக்கும் கீர்த்திகாவுக்கும் முன்னால் வைத்தார்.

"இதை ஏத்துக்கிட்டீகன்னா பதினஞ்சாந்தேதிக்குள்ள ஏத்தியாகணும் சார். ஏத்துக்கலைன்னா பழைய தேதியே நிக்கும். நாங்களா மாத்த முடியாது, அவுக பேங்குல அவுகதான் கேக்கணும்."

கீர்த்திகா மெதுவாக, "பதினஞ்சு நாள்தான் கேட்டீகளாப்பா?" என்றாள். நான் மேஜையில் இருந்த பேனாவைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவளே தங்கப்பாண்டியன் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, என் முன்னால் வைத்தாள்.

"தம்பி, மழையெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன். "நான் சொன்ன பொங்கல் பங்குனிப் பொங்கல். நீங்க டிராஃப்ட் அனுப்பினப்ப நான் அதைப் படிக்கல. படிக்காமலே சரின்னுட்டேன்."

தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் புதுச் சரக்கு என்று பத்துக் கடைக்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் அண்ணே என்றார் அவர். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

ஏப்ரல் முப்பது கேட்டேன். ஏற்றும் தேதி மட்டும் போதாது, எல்.சி. முடிகிற தேதியும் மே இருபத்தொன்றுக்குப் போகவேண்டும் என்று கீர்த்திகா குறுக்கே சொன்னாள். அவர் அவளிடம் இரண்டு தேதிகளையும் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பதினைந்து நாள் திருத்தத்தை ஏற்கவில்லை என்று நான் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், அவர் புதிதாக ஒன்று போடுவார் என்று இருவரும் பேசி முடித்தார்கள். கடைக்காரர்களுக்கு வேறு இடத்தில் சரக்கு வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறேன், உங்கள் ஆர்டரை ரத்து செய்யவில்லை என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"ரொம்ப நன்றி தம்பி," என்றேன்.

"பரவால்ல அண்ணே. இனிமே எல்லாத்தையும் உங்க மகளுக்கே அனுப்பிடுறேன். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

மரியாதையாகத்தான் சொன்னார். அழகுமீனா மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கீர்த்திகா தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.