துளசிக்கு ஏற்ற கத்தி

என் தங்கை கண்மணி கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிறாள். நிறைமாதம் நெருங்குகிறது, கூடவே ரத்தக்கொதிப்பு. அவள் புருஷன் லோரி ஓட்டி ஊர் ஊராகச் சுற்றுகிறவர். அதனால் அவர்கள் மகள் ஆறு வயது துளசி, அசாம் ஜாவாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் தனிக்கட்டையாக இருக்கும் எனக்குப் பிள்ளை வளர்க்க எங்கே தெரியும்?

பிள்ளை சாப்பிடவில்லை. மைலோவும் பிஸ்கட்டும்தான். சோற்றைத் தட்டில் வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கும். கண்மணி தினமும் போன் செய்வாள்.

"அக்கா, சாப்பிட்டாளா? உண்மைய சொல்லு. இல்லன்னா நான் கையெழுத்துப் போட்டுட்டு கெளம்பி வந்துருவேன்."

"நல்லா சாப்பிட்டா லா. நீ சும்மா படு" என்று பொய் சொல்வேன். அவள் சொன்னதைச் செய்கிறவள். எழுந்து வந்தால் அவளுக்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து.

நம்மோடு சேர்ந்து சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடும் என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னார்கள். ரவாங்கில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருக்கும். இருந்தும் அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். கத்தி வேண்டாம், நெருப்பு வேண்டாம் என்று யோசித்து, சம்பால் அரைக்க வைத்திருந்த காய்ந்த மிளகாயைக் கொடுத்துக் காம்பு கிள்ளச் சொன்னேன். கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு வேறு.

கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கசக்கிவிட்டாள். வீடே அதிர அலறினாள். அவள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தலையைச் சாய்த்துப் பிடித்து, அழுகை அடங்கும்வரை கண்ணில் குழாய்த் தண்ணீர் விட்டேன். சிவப்பு இறங்கிய பிறகு, "இனிமே நான் சமைக்க மாட்டேன் பெரியம்மா" என்றாள். அதற்குப் பிறகு அடுப்படிப் பக்கமே வரவில்லை. பிஸ்கட்டும் பாதியாகக் குறைந்தது.

என் மேலேயே எனக்கு எரிச்சல். பெரியவர்கள் வேலையில் மிச்சம் மீதியை எடுத்துப் பிள்ளையிடம் தள்ளியிருக்கிறேன். அவள் உயரத்துக்கு, அவள் கைக்கு எது சரி என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

அடுத்த நாள், எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் பல் வைத்த பிளாஸ்டிக் கத்தி ஒன்று வாங்கினேன். பச்சை நிறம், கைப்பிடி அவள் கைக்குள் அடங்கியது. விரலில் வைத்து இழுத்துப் பார்த்தேன், தோல் கீறவில்லை. அடுப்படி மேடை அவள் தாடைவரை வரும். முக்காலி போட்டால் மொசைக் தரையில் ஆடுகிறது. அதனால் தரையில் பாய் விரித்து, ஈரத்துணிமேல் பலகையை வைத்தேன். அடுப்பு முன்னால் கோலமாவில் ஒரு கோடு போட்டேன்.

"இந்தக் கோட்ட நீ தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் என் ராஜ்யம்."

"இந்தப் பக்கம்?"

"உன்னோடது."

மெல்ல வந்து உட்கார்ந்தாள். வெள்ளரிக்காய் உருளாமல் இருக்க நானே நீளவாக்கில் பிளந்து கவிழ்த்து வைத்தேன். விரல் நுனியை மடக்கிப் பிடிக்கக் காட்டினேன். அவள் நறுக்கியதில் ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு தாள் மாதிரி. பிறகு நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்தேன். தலையைக் கிள்ளிப் போடுவது அவளுக்குப் பிடித்துவிட்டது. "இவன் மொறைக்கிறான் பெரியம்மா" என்று ஒவ்வொன்றோடும் சண்டை. முடிந்ததும் கேட்காமலேயே கையை நீட்டினாள். சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டேன்.

நான் எண்ணெயில் நெத்திலியைப் பொரித்தேன், கறுப்பு சோயா கிச்சாப் ஊற்றினேன். அவள் கோட்டைத் தாண்டாமல் தன் பக்கமே நின்றாள். "பிளேட்ட எடுத்து வைடி" என்றேன். பாய்மேல் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளைப் போட்டாள். ஒரு தட்டில் மட்டும் சோறு வைத்துவிட்டு, வழக்கம்போல் சட்டி கழுவத் திரும்பினேன்.

"நீங்க?"

"நீ சாப்பிடு. நான் அப்புறம்."

"அப்புறம் அப்புறம்னு நீங்க சிங்க்கிட்ட நின்னுக்கிட்டே சாப்பிடுவீங்க. நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடணும். அம்மா எப்பவும் பக்கத்துல உக்காருவாங்க." பச்சைக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு பேருதானே சமைச்சோம்?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் சோற்றில் குறை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். குழாயை மூடிவிட்டு, இன்னொரு தட்டில் எனக்கும் சோறு வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் வலித்தன. நான் முதல் வாயை எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் சோற்றில் கை வைத்தாள்.