ஐந்திலிருந்து நான்குக்கு ஓர் அம்பு

எங்கள் துறைத்தலைவர் எழுதிய கட்டுரையின் பெயர் ‘அறிஞரும் அறியாதாரும்’. நிபுணரின் தீர்ப்பை நிபுணரல்லாதவர் மறுக்கக் கூடாது என்பதை அவர் இருபது பக்கங்களில் நிறுவியிருந்தார். அதையே எங்கள் தர்க்கவியல் தாளுக்கு மதிப்பெண் உள்ள பயிற்சியாகவும் கொடுத்தார். கட்டுரையிலுள்ள கூற்றுகளுக்கு எண் போட வேண்டும். முடிவுக்கு ஆதாரமான எடுகூற்றுகளை மேலேயும் முடிவைக் கீழேயும் வட்டங்களில் எழுத வேண்டும். எது எதைத் தாங்குகிறதோ அதிலிருந்து அதற்கு அம்பு போட வேண்டும். தன் கட்டுரையைத் தானே பாடமாக வைக்கும் தைரியம் எல்லோருக்கும் வராது.

வகுப்பில் முதலில் கரும்பலகைக்குப் போனவள் குடைச்சல். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தத் தாளில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

அவள் எழுதினாள். ஒன்று: ஒரு துறையில் சரியாகத் தீர்ப்புச் சொல்ல அதில் பயிற்சி வேண்டும். இரண்டு: நிபுணரல்லாதவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்பதால் நடுவே கூட்டல் குறி போட்டு, ஒரே அம்பை மூன்றுக்கு இறக்கினாள். மூன்று: ஆகவே அவரால் சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பக்கத்தில் நான்கு: சரியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாதவர் நிபுணரை மறுக்கக் கூடாது. மூன்றும் நான்கும் சேர்ந்து ஐந்து: ஆகவே நிபுணரல்லாதவர் நிபுணரை மறுக்கக் கூடாது.

தலைவர் தலையாட்டினார். “பரவாயில்லயே. நாலுக்கு ஆதாரம்?”

“பதினேழாம் பக்கத்துல இருக்கு சார். ‘அறிஞர் தீர்ப்பின் முன் அறியாதார் தலைவணங்குவதே முறை’னு எழுதியிருக்கீங்க.”

“அதேதான். அத ஆறுன்னு போடு.”

அவள் போடவில்லை. ஐந்திலிருந்து ஓர் அம்பை வளைத்து மேலே நான்குக்குக் கொண்டுபோனாள்.



“என்னம்மா இது?”

“ஒரே விஷயத்த வேற வார்த்தைல சொன்னா புது எண் கிடையாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க? தலைவணங்கணும்னாலும் மறுக்கக் கூடாதுன்னாலும் ஒண்ணுதான். அதனால அது ஆறு இல்ல, அஞ்சேதான். அஞ்சு நாலத் தாங்குது, நாலு அஞ்சத் தாங்குது. ரெண்டும் ஒண்ணு தோள்ல ஒண்ணு ஏறி நிக்குது.”

கடைசி பெஞ்சில் யாரோ இருமினார்கள். சிரிப்புக்கு எங்கள் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட வடிவம் அது.

“எழுதினவர் மேல பரிவு வேணும்,” என்றார் தலைவர். “சொல்லாம விட்ட எடுகூற்று ஏதாவது இருக்கும். அத நாமளே சேர்த்துப் படிக்கணும்.”

“சேர்த்துப் பாத்தேன் சார்.” நான்குக்கு மேலே புள்ளிக்கோட்டில் ஒரு வட்டம் போட்டு, ‘நிபுணர்கள் தவறுவதில்லை’ என்று எழுதினாள். “இது இருந்தா நாலு நிக்குது. ஆனா மூணாம் பக்கத்துல உங்களுக்கு முந்தின தலைவர் நிபுணர்தான், இருந்தும் தப்பாச் சொல்லிட்டாருன்னு எழுதியிருக்கீங்களே. எத அழிக்கட்டும்?”

“முப்பது வருஷமா இத சொல்லிக் கொடுக்கறேன். நேத்து வந்த நீ யாரு எனக்குச் சொல்ல?”

“சார், இதுவும் அஞ்சுதான்,” என்றாள் குடைச்சல். குரலில் துளி கேலி இல்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும்.

இம்முறை யாரும் இருமவில்லை, நேராகவே சிரித்துவிட்டார்கள்.

அவர் மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தார். “ஆறுன்னு திருத்தினா பாஸ். இல்லன்னா பூஜ்யம். யோசிச்சுக்கோ, உங்கப்பா என்ன சொல்லியிருக்காருன்னு எனக்குத் தெரியும்.”

“ஜெராக்ஸ் கடைல உக்காந்தாலும் அது அஞ்சுதான் சார். ஆறுன்னு போட மாட்டேன்.”

அவர் பூஜ்யம் போட்டார். பேனா தாளைக் கிழித்த சத்தம் எங்களுக்குக் கேட்டது.

குடைச்சல் இடத்துக்குத் திரும்புவாள் என்று நினைத்தோம். அவள் பலகையின் காலியான பாதிக்கு நகர்ந்தாள். கீழே ஒரு வட்டம் போட்டு, உள்ளே எழுதினாள்: ஆகவே இந்தப் படத்துக்குப் பூஜ்யம். அதன் மேலே ஓர் அம்பு. அம்பின் மேல் முனையில் வெறும் வட்டம்.

சாக்பீஸை அவரிடம் நீட்டினாள். “முடிவ எழுதிட்டேன் சார். மேல என்ன வரும்னு நீங்க சொல்லணும். எந்த வட்டம் தப்பு, எந்த அம்பு தப்பு? நம்பர் மட்டும் சொன்னாக்கூடப் போதும்.”

அவர் பலகையைப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஐந்து வரை இறங்கி, மறுபடி நான்குக்கு ஏறி, திரும்ப இறங்கினார். அவர் கண்கள் போன வழியை நாங்கள் அனைவரும் பார்த்தோம். பிறகு மணி அடித்தது, வெளியே போனார்.

அடுத்த வகுப்புக்குப் பொருளாதார மேடம் வந்து டஸ்டரை எடுத்தார். குடைச்சல் இன்னும் பலகையடியில்தான் நின்றிருந்தாள், கையில் சாக்பீஸோடு.

“ரெண்டு பக்கத்தையும் அழிக்காதீங்க மேடம்,” என்றாள். “சார் வந்து எழுத வேண்டியது பாக்கி இருக்கு.”

மேடம் வெறும் வட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பலகையின் ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு முழ இடத்தில் பாடம் நடத்தத் தொடங்கினார்.