ரூபனுக்கு ஏழு, பினாங்கு

“என்னங்க, முதல் பாகத்துல புதைச்ச பிள்ளைக்கு இங்க பதினெட்டு வயசுன்னு எழுதியிருக்கு?”

காமு கேட்டதும் ஏகநாதனுக்குச் சுருக்கென்றது. அவன் ஒரு வாரப் பத்திரிகையில் துணையாசிரியர். அஸ்தினாபுரம் வீட்டில், மனைவி காமுதான் அவனுடைய முதல் வாசகி. அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும்.

கையெழுத்துப் பிரதி மெட்டில்டா அம்மாளுடையது. வயது எழுபது, குரோம்பேட்டையில் வாசம். கணவர் துறைமுகக் கம்பெனி குமாஸ்தா. ரங்கூன், பினாங்கு, ஏடன் என்று அவர் பின்னால் போன வாழ்க்கையை எழுதியிருந்தார். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. ஆசிரியர் ஏகநாதனிடம் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்குபடுத்து. இல்லேன்னா திருப்பி அனுப்பிடு.”

பிரதி நினைவு போன போக்கில் ஓடியது. ஏடன் வெயிலில் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் ரங்கூன் சமையலறை, பிறகு பினாங்கு மழை. மகன் ரூபனின் சாவு கடைசிக்கு முந்தின நோட்டில்தான் வந்தது. ஏகநாதன் கத்தரிக்கோலால் வெட்டி, வருஷ வரிசையில் ஒட்டினான். சாவு முதல் பாகத்துக்கு வந்தது. 1942-இல், பர்மாவிலிருந்து நடந்து வரும்போது, மணிப்பூர் மலைப்பாதையில், இரண்டு வயதில். அதற்குப் பிறகும் பக்கத்துக்குப் பக்கம் அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போனது.

கிழவிக்கு ஞாபகப் பிசகு என்று நினைத்து, அந்த இடங்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்தான். இருபத்தேழு இடங்கள். மறுபடி காமுவிடம் கொடுத்தான்.

பத்துப் பக்கம் தாண்டியதும் அவள் நிமிர்ந்தாள். “இப்ப எந்த ஊர்ல இருக்கோம்?”

“ஏடன். தலைப்புலயே வருஷம் போட்டிருக்கேனே.”

“வருஷத்தை யாரு படிப்பா? அம்பத்தெட்டுன்னா எனக்கு என்ன, அறுபத்தெட்டுன்னா என்ன? அந்தம்மாவுக்கு என்ன வயசு, எவ்வளவு நாள் ஆச்சு, ஒண்ணுமே தெரியலையே. முன்னாடி கொடுத்ததே தேவலை. அதுல பையனாவது வளர்ந்துகிட்டு இருந்தான்.”

வியாழக்கிழமை மாலை ஏகநாதன் குரோம்பேட்டைக்கு நடந்தான். மெட்டில்டா அம்மாள் பக்கங்களைப் புரட்டினார். சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“இதையா தம்பி அடிச்சீங்க?”

“அவன் இறந்துட்டான்னு நீங்களேதானேம்மா எழுதியிருக்கீங்க?”

“இறந்துட்டான். அதுக்காக வயசு நின்னுடுமா?” அவர் கோபப்படவில்லை. “இந்த ஊரையும் சேர்த்து நாலு ஊர், நாலு பாஷை. ஒவ்வொரு ஊர்லயும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சோம். எதை வெச்சு நான் நாள் எண்றது? பினாங்குல இறங்கினோம், அவனுக்கு ஏழு, ஸ்கூல்ல சேர்க்கற வயசுன்னு நினைச்சேன். இன்னிக்கு இருந்தா நாப்பத்தொன்பது. தொந்தி போட்டிருப்பான், அவங்கப்பா மாதிரி.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு மெதுவாக, “இதனாலதான் திருப்பி அனுப்பப் போறீங்களா?” என்று கேட்டார்.

ஏகநாதன் பழைய பாஸ்போர்ட்டுகளைக் கேட்டான். தகரப் பெட்டியிலிருந்து மூன்று வந்தன. முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரதியோடு ஒப்பிட்டான். வருஷங்களில் அந்த அம்மாள் மூன்று இடத்தில் தவறியிருந்தார். ஏடனை விட்டுக் கிளம்பியதையே ஒரு வருஷம் தள்ளி எழுதியிருந்தார். ரூபனின் வயது ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை.

மறுபடி கூட்டிப் பார்த்தான். நாற்பத்தேழு வருஷம், மூன்று கடல்பயணம், ஒரு வயதுகூடப் பிசகாத கணக்கு. அழிரப்பரைக் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சிவப்புக் கோடுகளைத் தேய்க்க ஆரம்பித்தான்.

“முதல் பாகம் மலைப்பாதைதாம்மா. அவன் போனதை அங்கேயே சொல்லிடணும். அதுக்கப்புறமும் அவன் வயசை எண்ணிக்கிட்டே இருந்தேன்னு உங்க கையாலயே ஒரு வரி எழுதிக் கொடுங்க. அது இல்லேன்னா படிக்கிறவங்க அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் வரி, ரூபனுக்கு என்ன வயசு, எந்த ஊர், எந்த வருஷம். ஏடன்ல இருக்கும்போது ரங்கூன் ஞாபகம் வந்தா வரட்டும். ஆனா பாகம் முடியறதுக்குள்ள ஏடனுக்கே திரும்பிடணும்.”

அந்த ஒரு வரியை எழுத மெட்டில்டா அம்மாளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

இரவெல்லாம் உட்கார்ந்து பாகங்களை அப்படியே பிரித்து ஒட்டினான். விடிந்ததும் காமுவிடம் முதல் பாகத்தைப் படிக்கக் கொடுத்தான். மற்றவற்றைச் சீட்டு மாதிரிக் கலைத்து, நடுவிலிருந்து ஒன்றை உருவி நீட்டினான்.

‘ரூபனுக்கு ஏழு. பினாங்கு, 1947. கப்பலை விட்டு இறங்கும்போது மழை.’

எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. அதை முடித்துவிட்டுக் கைநீட்டி மற்றவற்றையும் வாங்கி, அவளாகவே ரூபனுக்குப் பதினெட்டு என்று தொடங்கும் பாகத்தைத் தேடி எடுத்தாள். பிறகு இருபத்தேழு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஏகநாதன்தான் ஓடிப்போய் இறக்கினான்.

அன்று பகல் ஆசிரியர் முதல் ஐந்து பாகங்களை ஒரே மூச்சில் படித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“கம்போசிங்குக்குக் கொடுத்துடுப்பா,” என்றார். “அந்தப் பையனோட வயசுல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மேலே எழுதிடு.”