பெட்டியில் தெரிந்த ஊர்

திங்கட்கிழமை காலை ஆன்சி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, போன் அடித்தது. கண் முகாம் நடத்தும் டிரஸ்ட்டின் நிர்வாகி விஜயம் மேடம். அவர்களுக்கான பதிவுப் படிவத்தை ரியாக்ட் என்ற வெப் மென்பொருளில் எழுதியது ஆன்சிதான்.

"நேத்து கொட்டாம்பட்டியில முப்பத்தோரு பேர் பதிவாகியிருக்கு. முதல் ஆளைத் தவிர ஒருத்தருக்கும் ஊர் பேர் இல்ல. ஊர் தெரியாம ஆபரேஷனுக்கு வேன் எங்க அனுப்ப? உங்க ஃபார்ம்ல தப்பில்லைன்னா பாக்கியம்மா பண்ணின தப்பு. நாளையிலேர்ந்து அவங்க வர வேண்டாம்னு சொல்லிடுவேன். மதியத்துக்குள்ள சொல்லுங்க."

பாக்கியம் முகாமில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு பெயர் பதிகிறவர். ஊர் ஊராகப் போகும் அந்த வேலை ஒன்றுதான் அவருக்கு.

பழங்காநத்தத்தில் டயர் கடை மாடியில் அவர்கள் அலுவலகம். சீனியர் சிவராம் படிவத்தைத் திறந்து ஊர்ப் பெட்டியைக் காலியாக விட்டு பதிவுப் பொத்தானைத் தட்டினான். இதை நிரப்புங்கள் என்று பிரவுசர் தடுத்துவிட்டது.

"பாத்தியா, காலியா விட்டா போகாது. அந்தம்மாதான் எதையோ தட்டியிருக்கு."

"போகாதுன்னா காலியா எப்படிண்ணே வந்துச்சு?"

"ஸ்பேஸ் தட்டியிருப்பாங்க."

ஆன்சி பதிவுகளைப் பார்த்தாள். ஸ்பேஸும் இல்லை, ஒன்றுமே இல்லை. பாக்கியத்துக்குப் போன் போட்டாள்.

"ஊர் இருந்துச்சும்மா, என் கண்ணால பாத்தேன். முதல்ல ராக்கம்மாளுக்குப் பேரு, நம்பரு, ஊரு எல்லாம் அடிச்சேன். அடுத்த ஆளு வந்தப்ப அம்புட்டும் அப்படியே நின்னுச்சு. பேரையும் நம்பரையும் அழிச்சு அடிச்சேன். எல்லாரும் ஒரே ஊருதான, ஊரை எதுக்கு அழிக்கணும்? நல்லா வசதியாத்தான் செஞ்சிருக்காகன்னு நெனச்சேன்."

ஆன்சிக்கு முகம் சுட்டது. அவள் சோதித்தபோதெல்லாம் ஒரு பதிவு முடிந்ததும் பக்கத்தைப் புதிதாகத் திறந்துதான் அடுத்ததைப் போட்டாள். வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்துப் பதியும் பழக்கம் அவள் நினைப்பில் வரவே இல்லை.

பாக்கியம் சொன்னபடியே செய்தாள். இரண்டாவது பதிவை அனுப்பும்போது திரையில் கொட்டாம்பட்டி தெளிவாக இருந்தது. போய்ச் சேர்ந்த பதிவில் ஊர் காலி.

தான் எழுதிய புரோகிராம் கோடைத் திறந்ததும் பிடிபட்டது. முதலில் அவள் பெட்டிகளுக்கு, எது தெரிய வேண்டும் என்று சொல்லும் வேல்யூவை மட்டும் கொடுத்திருந்தாள். தட்டியதை ஸ்டேட்டில், அதாவது புரோகிராமின் நினைவில், சேர்க்கும் ஆன்சேஞ்ச் இல்லாததால் தட்டினாலும் எழுத்து விழவில்லை. ரியாக்ட் காட்டிய எச்சரிக்கையில் டீஃபால்ட்வேல்யூ என்று ஒரு வழி இருந்தது. அதைப் போட்டாள், எழுத்து விழுந்தது. பிறகு ஆன்சேஞ்சையும் சேர்த்தவள் டீஃபால்ட்வேல்யூவைத் திரும்ப வேல்யூவாக மாற்றவில்லை.

"அண்ணே, இது நம்ம கைக்குள்ள வராம அன்கன்ட்ரோல்டாவே நின்னுபோச்சு," என்றாள். "டீஃபால்ட்வேல்யூ, பெட்டி முதல்ல வர்றப்ப மட்டுந்தான் வேலை செய்யும். அப்புறம் பெட்டியில உள்ளது பிரவுசர் பாடு. பதிவு முடிஞ்சதும் நான் ஸ்டேட்டைக் காலி பண்றேன், பெட்டி காலியாகல. பேரும் நம்பரும் திரும்ப அடிச்சதால ஆன்சேஞ்ச் ஓடி ஸ்டேட்டுக்கு வந்துருச்சு. ஊரைத் தொடவே இல்ல, அது ஸ்டேட்டுல காலியாவே கெடந்துச்சு. நான் அனுப்புறது ஸ்டேட்டை."

"பிரவுசர் ஏன் தடுக்கல?"

"அது பெட்டியைத்தான பாக்குது. பெட்டியில ஊரு இருக்குல்ல."

சிவராம் நாற்காலியை இழுத்துப் போட்டான். "ஸ்டேட்ட விட்டுட்டு, அனுப்புறப்ப பெட்டியிலேர்ந்தே வாசிச்சு ஃபார்மை ரீசெட் பண்ணினாலும் சரியாப் போகும். ரெண்டுல ஒண்ணா இருக்கணும். நீ பாதிப் பாதி வச்சிருக்க."

மூன்று பெட்டிகளிலும் டீஃபால்ட்வேல்யூவை எடுத்துவிட்டு வேல்யூவை ஸ்டேட்டோடு கட்டினாள். ஆன்சேஞ்ச் ஏற்கெனவே இருந்தது. இப்போது ஸ்டேட்டில் உள்ளதுதான் பெட்டியில். ஒரு பதிவு போட்டாள், மூன்றும் வெறுமையாகின. அடுத்த பதிவில் ஊரை மட்டும் அடிக்காமல் பொத்தானைத் தட்டினாள், பிரவுசர் தடுத்தது.

"சர்வர்ல ஏத்திரு," என்றான் சிவராம். "மேடத்துகிட்ட அப்டேட் போட்டாச்சுன்னு மட்டும் சொல்லு. நம்ம கோடுதான் தப்புன்னு வெளக்கிக்கிட்டிருக்காத."

"அப்படிச் சொன்னா அந்தக்கா தலையிலதானண்ணே விடியும்?"

"அடுத்த வேலையும் அவங்க நமக்குத்தான் குடுக்கணும், ஆன்சி."

ஆன்சி விஜயம் மேடத்துக்குப் போன் செய்தாள்.

"மேடம், தப்பு எங்க ஃபார்ம்ல. பாக்கியம்மா பாத்தப்ப ஊர் பேர் திரையில இருந்துச்சு. நான் எழுதினது அதை அனுப்பல. இப்பச் சரி பண்ணிட்டேன்."

"காலையில அந்தம்மாவ என்ன பேச்சுப் பேசிட்டேன் தெரியுமா," என்றார் விஜயம். "சரி, இந்த முப்பது பேருக்கும் ஊர் யார் கேக்குறது?"

"நம்பர் எல்லாம் சரியா இருக்கு மேடம். நானே ஒவ்வொருத்தரா கேட்டு ஏத்திடுறேன்."

"ஏத்துங்க. பாக்கியம் நாளைக்குத் திருநகர் முகாமுக்கு வருவாங்க. அவங்ககிட்ட நானே பேசிக்கிறேன்."

சிவராம் தன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆன்சி பட்டியலில் இரண்டாவது பெயரான சோணையின் நம்பரை அழுத்தினாள்.